வைஃபை பட்டியலில் தெரியாத ஒரு பெயர்: நீக்குவதும் மறுபடி வராமல் தடுப்பதும்

நெட் திணறும்போதுதான் பெரும்பாலான வீடுகளில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார்கள். அங்கே சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு பெயர் அதில் கண்ணில் பட்டால், கை தானாகவே `Delete` என்ற பொத்தானைத் தேடும். சில ரவுட்டர்களில் அப்படி ஒன்று இருக்கவும் செய்யும். அழுத்தினால் பெயர் மறையும். ஒன்றிரண்டு நிமிடத்தில் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பட்டியல் என்பது ரவுட்டர் தனக்காக எழுதி வைத்திருக்கும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். யாரை உள்ளே விடலாம் என்பதை அந்தக் குறிப்பு முடிவு செய்வதில்லை. பாஸ்வேர்ட்தான் முடிவு செய்கிறது. அந்தப் பெயருக்குரிய போனுக்குள் உங்கள் பாஸ்வேர்ட் சேமிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் பெயரை அழித்தாலும், ரவுட்டரையே அணைத்துப் போட்டாலும், அது கேட்காமலே மறுபடி சேர்ந்துகொள்ளும். எனவே செய்ய வேண்டியவை இரண்டு: அந்தப் பெயர் உண்மையிலேயே வெளியாளுடையதா என்று உறுதி செய்துகொள்வது, அப்புறம் அது வைத்திருக்கும் பாஸ்வேர்டைச் செல்லாததாக்குவது. இடையில் `Block` என்று ஒரு வசதி இருக்கிறது. அது எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டியலைத் திறப்பது

உங்கள் வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே போனின் வைஃபை விவரங்களைத் திறந்தால் `Gateway` அல்லது `Router` என்று ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் `192.168.1.1` அல்லது `192.168.0.1`. ஜியோவின் வீட்டுப் பெட்டிகளில் `192.168.29.1`. அதை பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் அடித்தால் லாகின் பக்கம் வரும். பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். இல்லையென்றால் கேபிள்காரரைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். தரத் தயங்கினால் விடாதீர்கள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றும் அளவுக்காவது உரிமை உள்ள ஒரு லாகின் உங்களிடம் இருக்க வேண்டும்.

உள்ளே போனதும் ஒரு குழப்பம் வரும். பல ரவுட்டர்களில் பட்டியல் ஒன்றல்ல, இரண்டு. `DHCP Client List` என்பது, யாருக்கெல்லாம் எண் கொடுத்தேன் என்று ரவுட்டர் எழுதி வைத்தது. `WLAN Associated Devices` அல்லது `Wireless Clients` போன்ற பெயரில் இருப்பது, இந்த நிமிடம் காற்றில் யார் இணைந்திருக்கிறார்கள் என்பது. முதல் பட்டியலில் போன வாரம் வந்துபோன விருந்தாளியின் போன்கூடச் சில சமயம் நிற்கும். அதைப் பார்த்துவிட்டுப் பதறுகிறவர்கள் நிறைய.

இரண்டாவது பட்டியல் உங்கள் பெட்டியில் இல்லையென்றால் முதல் பட்டியலை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் எண்ணைக் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் கொடுக்கிறது. சில பெட்டிகளில் 2 மணி நேரம், பலவற்றில் 24 மணி நேரம், சிலவற்றில் 3 நாள். இணைந்தே இருக்கும் கருவி, அந்த நேரத்தில் பாதி கழிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்; அதுதான் வழக்கமான விதி. பட்டியலில் `Lease Time` அல்லது `Remaining` என்று ஒரு கட்டம் இருக்கும். மொத்தம் 24 மணி நேரம் என்றால், உங்கள் வீட்டிலேயே இருக்கும் கருவிக்கு அங்கே 12 மணி நேரத்துக்கு மேல்தான் மீதி காட்டும். 5 மணி நேரம் மீதி என்று காட்டினால், அது 7 மணி நேரமாகவாவது இங்கே இல்லை. பதற வேண்டாம், கிளம்பிப் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வசதியும் உண்டு. மழைக்காலத்தில் கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி-யின் கரண்ட் போய் வந்தால் பெட்டி அணைந்து எழும். பெரும்பாலான பெட்டிகளில் பழைய பட்டியல் அத்தோடு அழிந்துவிடும். கரண்ட் வந்து பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அப்போது நிஜமாகவே இருக்கிறவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். கரண்ட் போகாத நாளில் சுவிட்சை நீங்களே அணைத்துப் போடலாம். இன்வெர்ட்டரில் ஓடும் பெட்டி என்றால் அப்படித்தான் செய்தாக வேண்டும்.

எது உங்களுடையது, எது இல்லை

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவில் ஓர் அக்கா. வீட்டின் முன்னறையில் செக்கெண்ணெய்க் கடை. பையன் சித்தூர் காலேஜில் படிக்கிறான். அவர்கள் வீட்டில் உள்ளூர் கேபிள்காரர் போட்ட ஃபைபர் கனெக்ஷன். "ஏப்பா, நம்ம வூட்டுல இல்லாத சாம்சங் போன் ஒண்ணு இதுல இருக்குது, அழிச்சு உடு" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தபோது பட்டியல் கிட்டத்தட்ட இப்படி இருந்தது. எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

```
Host Name        IP Address   MAC Address        Port
DESKTOP-4K7Q2LM  192.168.1.2  a4:34:d9:1e:70:5b  SSID1
Redmi-Note-12    192.168.1.3  be:17:60:2f:94:0a  SSID5
ESP_3A91C2       192.168.1.4  5c:cf:7f:3a:91:c2  SSID1
*                192.168.1.5  d6:4f:1a:82:0c:75  SSID5
Galaxy-M12       192.168.1.7  7a:90:2b:c3:5d:e8  SSID1
Android          192.168.1.8  c0:8a:cd:55:13:6e  LAN2
```

அக்கா சொன்னது `Galaxy-M12`. ஆனால் எனக்கு முதலில் சந்தேகமாகப் பட்டவை வேறு இரண்டு: நட்சத்திரக் குறி மட்டும் போட்டிருந்த ஒன்று, `ESP_3A91C2` என்ற ஒன்று.

`ESP` என்று தொடங்கும் பெயரைப் பார்த்தால் பலருக்கும் ஹேக்கர் நினைப்புதான் வரும். உண்மையில் அது எஸ்பிரெசிஃப் என்ற கம்பெனியின் சிப். போனில் இருந்து ஆன் ஆஃப் செய்கிற விலை குறைந்த ஸ்மார்ட் பிளக், கலர் பல்ப் போன்றவற்றுக்குள் பெரும்பாலும் இதுதான் இருக்கும். பெயரின் கடைசி ஆறு எழுத்துகளும் அந்த வரிசையின் மேக் அட்ரஸின் கடைசி ஆறும் ஒன்றாக இருப்பதைப் பாருங்கள்: `3A91C2`. சிப் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. அக்கா வீட்டில் கடை போர்டு விளக்குக்கு ஒரு ஸ்மார்ட் பிளக் போட்டிருந்தார்கள். சரி, அது அவர்களுடையதே. `DESKTOP` என்று தொடங்குவது விண்டோஸ் தானாக வைக்கும் பெயர், பையனுடைய லேப்டாப். `Android` என்று இருந்தது டிவி. கடைசிக் கட்டத்தில் `LAN2` என்று இருப்பதால் அது வைஃபையில் இல்லை, வயரில் வந்திருக்கிறது என்றும் தெரிகிறது.

மீதி நட்சத்திரக் குறி. சில போன்கள் தன் பெயரை ரவுட்டரிடம் சொல்வதே இல்லை. அப்போது பெயர் இருக்கும் இடத்தில் `*` அல்லது `Unknown` என்று வரும். பெயர் இல்லாவிட்டால் மேக் அட்ரஸை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மேக் அட்ரஸ் என்பது ஒவ்வொரு கருவியின் வைஃபை சிப்பும் தன்னை அடையாளம் சொல்லப் பயன்படுத்தும் ஆறு ஜோடி எழுத்துகள். கம்பெனி தொழிற்சாலையில் பதித்த அட்ரஸ் என்றால், முதல் மூன்று ஜோடிகளை வைத்து எந்தக் கம்பெனி தயாரிப்பு என்று தேடிப் பார்த்துவிடலாம். `5c:cf:7f` என்று தேடினால் எஸ்பிரெசிஃப் என்று வரும். ஆனால் 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான அட்ரஸை வெளியே காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் அட்ரஸைத் தானாக உருவாக்கிக்கொள்கின்றன. போகிற இடமெல்லாம் ஒரே அட்ரஸைக் காட்டினால் அந்த ஆளைப் பின்தொடர முடியும் என்பதால் வந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான், வீட்டு ரவுட்டரைப் பார்க்கிறவருக்குத்தான் தலைவலி.

பொய் அட்ரஸைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முதல் ஜோடியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது `2`, `6`, `a`, `e` இவற்றில் ஒன்றாக இருந்தால் அட்ரஸ் தொழிற்சாலையில் பதித்தது அல்ல, கருவியே உருவாக்கியது. மேலே உள்ள பட்டியலில் `be`, `d6`, `7a` மூன்றும் அப்படித்தான். இந்த மூன்றையும் வைத்துக் கம்பெனிப் பெயரைத் தேடிப் பிரயோஜனம் இல்லை.

எனவே எதிர்ப்பக்கத்தில் இருந்து வர வேண்டும். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு போனையும் எடுத்து, வைஃபை செட்டிங்ஸில் உங்கள் வைஃபையின் பெயரைத் தொட்டு விவரங்களைத் திறந்தால், இப்போது அந்தப் போன் காட்டிக்கொண்டிருக்கும் அட்ரஸ் இருக்கும். ஐபோனில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் `i` குறியைத் தொட்டால் `Wi-Fi Address` என்று வரும். ஆண்ட்ராய்டில் `Randomized MAC address` என்பது போல ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். `About phone` பக்கத்தில் போய்ப் பார்க்காதீர்கள். அங்கே பெரும்பாலும் உண்மையான அட்ரஸ்தான் இருக்கும், ரவுட்டரின் பட்டியலோடு அது ஒத்துப்போகாது. சொந்தப் போனையே திருடன் என்று நினைத்துத் தடுத்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

இது சிரமமாக இருந்தால், போன்களில் ஒவ்வொன்றாக வைஃபையை அணைத்துவிட்டு, இணைந்திருப்பவர்களின் பட்டியலில் எது மறைகிறது என்று பார்க்கலாம். அக்கா வீட்டில் அப்படித்தான் பார்த்தோம். பையன் போனில் வைஃபையை அணைத்ததும் நட்சத்திரக் குறி போய்விட்டது. வீட்டில் இருந்த எல்லாப் போனையும் அணைத்த பிறகும் `Galaxy-M12` மட்டும் அசையாமல் நின்றது.

அது யாருடைய போன் என்று பட்டியல் சொல்லாது. பெயர்கூட உறுதி இல்லை, போன் வைத்திருப்பவர் செட்டிங்ஸில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சிக்னல் அளவைக் காட்டும் ரவுட்டர்களில் `RSSI` என்று ஒரு எண் இருக்கும். `-40` என்றால் அதே அறை, `-80` என்றால் சுவர்களுக்கு அப்பால் எங்கோ. அதற்கு மேல் துப்பறிவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தெருவில் பகை வளர்ப்பதைவிடப் பாஸ்வேர்டை மாற்றுவது சுலபம்.

`Block` எவ்வளவு தூரம் உதவும்

இருந்தாலும் அக்காவுக்கு உடனே அதை வெளியே தள்ளிவிட வேண்டும். அதற்குத்தான் `MAC Filter`, `Access Control`, `Block List` என்று ரவுட்டருக்கு ஒரு பெயர் வைத்திருக்கும் பக்கம். தெரியாத கருவியின் மேக் அட்ரஸை அங்கே சேர்த்தால் ரவுட்டர் அதை மறுக்கும். செய்யும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, அந்தப் பக்கம் எந்த முறையில் இருக்கிறது என்பது. `Blacklist` அல்லது `Deny` என்றால் பட்டியலில் இருப்பவர் மட்டும் வெளியே. `Whitelist` அல்லது `Allow` என்றால் பட்டியலில் இருப்பவர் மட்டும் உள்ளே. மாற்றிப் போட்டுவிட்டுத் தெரியாத போனின் அட்ரஸைச் சேர்த்துச் சேமித்தால், அந்த ஒரு போனைத் தவிர வீட்டில் இருக்கும் எல்லாமே வெளியே போய்விடும், நீங்கள் உட்பட. லேப்டாப்பை வயரில் மாட்டி உள்ளே போய்ச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கேபிள்காரர்கள் தரும் பல ஃபைபர் பெட்டிகளில் இந்த வசதி இரண்டு இடத்தில் இருக்கிறது. `WLAN` பகுதிக்குக் கீழே இருப்பது, அல்லது பெயரிலேயே `WLAN` என்று இருப்பது, வைஃபையில் சேரவே விடாது. `Security` பகுதியில் வெறும் `MAC Filter` என்று இருப்பது நெட்டை மட்டும் துண்டிக்கும். போன் வைஃபையில் இணைந்தபடியே இருக்கும், பட்டியலிலும் தெரியும். தடுத்த பிறகும் பெயர் போகவில்லையே என்று குழம்பினால் இதைப் பாருங்கள்.

மூன்றாவது, ஒரே பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வைஃபை ஓடும். எங்கள் பட்டியலில் `SSID1`, `SSID5` என்று இருந்தவை அவைதான். தடை சில பெட்டிகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஒன்றில் மட்டும் போட்டால் இன்னொன்றின் வழியாக வரும்.

இத்தனையும் சரியாகச் செய்தோம். `Galaxy-M12` போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் அதே பெயர் `ac:5f:3e` என்று தொடங்கும் வேறொரு அட்ரஸோடு வந்து நின்றது. இந்த முறை இரண்டாவது எழுத்து `c`. அதாவது உண்மையான அட்ரஸ்; முதல் மூன்று ஜோடியைத் தேடினால் சாம்சங் என்றும் வந்தது. சாம்சங் போன்களில் வைஃபை விவரங்களுக்குள் `Randomized MAC`, `Phone MAC` என்று இரண்டு விருப்பங்கள் இருக்கின்றன. யாரோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியிருக்கிறார்கள். அதற்குப் பெரிய அறிவாளியாக இருக்க வேண்டாம். நெட் வரவில்லையே என்று செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருந்தாலே போதும்.

மேக் அட்ரஸை வைத்துத் தடுப்பது, சிவப்புச் சட்டைக்காரனை உள்ளே விடாதே என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைப்பது மாதிரி. அவனே சட்டையை மாற்றிக்கொள்ளலாம். புதுப் போன் வாங்கினால் புதுச் சட்டையோடுதான் வருவான். ஆண்ட்ராய்டு போன்கள் வைஃபை பாஸ்வேர்டுகளை கூகுள் கணக்கின் பேக்கப்பில் சேர்த்துவைப்பதால், புதுப் போனில் அதே கணக்கைப் போட்டதும் உங்கள் வைஃபையின் பாஸ்வேர்டும் கூடவே போய்ச் சேர்ந்துவிடும்.

"அப்படின்னா நம்ம போனுங்கள மட்டும் உள்ள உடற மாதிரி வெச்சுக்கலாமில்ல?" என்று பையன் கேட்டான். `Whitelist` முறையைத்தான் சொல்கிறான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பொய் அட்ரஸ் மாறினால் உங்கள் போனே வெளியே நிற்கும், உறவுக்காரர் வரும்போதெல்லாம் ரவுட்டரைத் திறந்தாக வேண்டும். அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. வைஃபை பூட்டப்பட்டிருந்தாலும் மேக் அட்ரஸ் மட்டும் காற்றில் மறைக்கப்படாமல்தான் போகும். தெரிந்தவர் அதைப் பிடித்துத் தன் கருவிக்கு வைத்துக்கொள்ள முடியும். பாஸ்வேர்ட் வலுவாக இருந்தால் இந்த முறை தேவையில்லை; பாஸ்வேர்ட் கசிந்திருந்தால் இந்த முறை போதாது.

பாஸ்வேர்டை மாற்றுவது

பாஸ்வேர்டை மாற்றினால் ஏன் எல்லோரும் ஒரே நொடியில் வெளியே போகிறார்கள்? போனும் ரவுட்டரும் சேரும்போது பாஸ்வேர்டைக் காற்றில் அனுப்பிக்கொள்வதில்லை. வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் சேர்த்து இரண்டுமே தனித்தனியாக ஒரு சாவியைக் கணக்கிடுகின்றன, இரண்டும் ஒன்றுதான் என்று ஒன்றுக்கொன்று நிரூபிக்கின்றன. நீங்கள் பாஸ்வேர்டை மாற்றியதும் ரவுட்டரின் சாவி மாறிவிடும். பழைய பாஸ்வேர்டை வைத்திருக்கும் போன் எந்த மேக் அட்ரஸோடு வந்தாலும் அதன் கணக்கு ஒத்துப்போகாது.

அக்கா வீட்டுப் பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டேன். அவருடைய மொபைல் நம்பர். கனெக்ஷன் கொடுக்க வந்தவர் அப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இது எங்கும் நடப்பதுதான், மறக்காது என்பதற்காக. ஆனால் அதே நம்பர் கடையின் போர்டில், ஆள் உயர எழுத்தில், சாலையைப் பார்த்து இருக்கிறது. வைஃபையின் பெயரும் கடையின் பெயரே. எண்ணெய் வாங்க வருகிற எவருக்கும் ஒருமுறை அடித்துப் பார்க்கத் தோன்றும்.

கடை இல்லாத வீட்டிலும் மொபைல் நம்பர் வேண்டாம். நம் நாட்டு மொபைல் நம்பர்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில்தான் தொடங்குகின்றன என்பதால் மொத்தமே 400 கோடி சாத்தியங்கள்தான். உங்கள் போன் வைஃபையில் சேரும் நொடியைப் பதிவு செய்துகொண்டு போனால், அத்தனையையும் நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள ஒரு கம்ப்யூட்டரில் ஒரே நாளுக்குள் சோதித்து முடித்துவிடலாம். 8 முதல் 63 எழுத்து வரை வைக்க இடம் இருக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் அடுக்கி, நடுவில் ஓர் எண்ணைச் செருகினால் சொல்லவும் சுலபம், ஊகிக்கவும் முடியாது.

மாற்றும் இடம் `WLAN` அல்லது `Wireless` பகுதிக்குள் `Security` பக்கம். முறை `WPA2-PSK` என்றும் `AES` என்றும் இருக்கட்டும். `WPA2/WPA3` என்று கலந்த முறை இருந்தால் அதையே வைக்கலாம். `WPA3` மட்டும் என்று வைத்தால் அக்காவின் ஸ்மார்ட் பிளக் போன்ற பழைய சாமான்கள் சேராமல் போகலாம். `WEP` என்று இன்னும் இருந்தால் அதில் எந்தப் பாஸ்வேர்டை வைத்தும் பயனில்லை, சில நிமிடங்களில் உடைந்துவிடும். 2.4, 5 இரண்டிலும் மாற்ற மறக்காதீர்கள். ஒன்றில் பழையது இருந்துவிட்டால் அந்தப் போன் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். `Guest` வைஃபை ஓடினால் அதிலும் பாருங்கள். போனில் இருந்தே மாற்றினால் `Apply` அழுத்தியதும் பக்கம் அப்படியே தொங்கி நிற்கும். பயப்பட வேண்டாம், உங்களையும் வெளியே தள்ளிவிட்டது என்றுதான் அர்த்தம். வைஃபையின் பெயரைத் தொட்டு `Forget` கொடுத்துவிட்டுப் புதிய பாஸ்வேர்டில் சேருங்கள்.

உள்ளே வந்ததும் இரண்டு வேலை பாக்கி. ஒன்று, ரவுட்டர் பக்கத்தின் லாகின் பாஸ்வேர்ட். அது இன்னும் `admin` என்றே இருந்தால், விருந்தாளியாக வைஃபையில் சேர்ந்த எவரும் உள்ளே போய்ப் புதுப் பாஸ்வேர்டைப் படித்துக்கொள்ளலாம், போட்ட தடையையும் எடுத்துவிடலாம். இன்னொன்று `WPS`. பாஸ்வேர்டே அடிக்காமல் ஒரு பொத்தானையோ 8 இலக்க எண்ணையோ வைத்துச் சேரும் வசதி. அந்த 8 இலக்கத்தை ரவுட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. அதனால் பத்துக் கோடி சாத்தியங்கள் இருக்க வேண்டிய இடத்தில் 11,000 முயற்சியே போதும் என்று 2011-லேயே வெளிப்பட்டுவிட்டது. பின்னால் வந்த பல பெட்டிகள் சில தவறுகளுக்குப் பிறகு பூட்டிக்கொள்கின்றன. ஆனாலும் அணைத்து வைப்பதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இதையெல்லாம் செய்யும்போது எங்கேயாவது சிக்கிக்கொண்டால், பெட்டியின் பின்னால் இருக்கும் சின்ன `Reset` ஓட்டையில் மட்டும் குண்டூசியை விடாதீர்கள். கடையில் வாங்கிய தனி ரவுட்டர் என்றால் பரவாயில்லை. கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் பெட்டியில் அவர் போட்டுவைத்த கனெக்ஷன் விவரங்களும் சேர்ந்து அழிந்துவிடலாம். அப்புறம் அவர் வரும்வரை நெட் கிடையாது. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் திங்கட்கிழமை வரை.

மாற்றியபின் வீட்டில் வேலை கொஞ்சம் இருக்கும். போன்களும் லேப்டாப்பும் இரண்டு நிமிடம். ஸ்மார்ட் பிளக்குக்குத்தான் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குப் பழைய பாஸ்வேர்ட் மட்டுமே தெரியும், புதியதைச் சொல்ல அதில் திரையும் இல்லை. அதன் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, விளக்கு வேகமாக மின்னத் தொடங்கியதும் ஆப்பில் புதிதாகச் சேர்ப்பது போலச் சேர்க்க வேண்டும். பெரும்பாலான பிளக்குகள் 2.4-ல் மட்டுமே வேலை செய்யும் என்பதால் போனையும் அப்போது அதில் வைத்துக்கொள்வது நல்லது. வைஃபை கேமரா, பிரிண்டர் இருந்தால் அவற்றுக்கும் இதே கதை.

வருகிறவர்கள் கேட்டால் கொடுக்க `Guest Network` என்று ஒன்றைத் திறந்து, அதற்கு வேறு பாஸ்வேர்ட் வைத்துவிடலாம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர் பாஸ்வேர்ட் கேட்டால் இல்லை என்று சொல்வது நடக்காத காரியம். கெஸ்ட்டின் பாஸ்வேர்டை நினைத்தபோது மாற்றலாம். பிளக்கையும் டிவியையும் மறுபடி தொட வேண்டியிருக்காது. அக்கா வீட்டில் அதைக் கடைக்கு வருபவர்களுக்கு என்று வைத்தோம்.

எல்லாம் முடிந்து ஒரு நாள் கழித்துப் பட்டியலைப் பாருங்கள். பழைய பெயர் `DHCP` பட்டியலில் இன்னும் நின்றால் மீதி நேரத்தைப் பாருங்கள். பாதிக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் அது வெறும் பழைய குறிப்பு, தானாக உதிர்ந்துவிடும். மீதி நேரம் மறுபடி ஏறுகிறது என்றால் அந்தக் கருவி உண்மையிலேயே உள்ளே இருக்கிறது. அப்போது கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். `LAN` என்று இருந்தால் வைஃபை பாஸ்வேர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மாடிக்கு இழுத்த பழைய வயரோ, வாடகைக்கு இருந்தவர் மாட்டிவிட்டுப் போன இன்னொரு ரவுட்டரோ இருக்கலாம். வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டியதுதான். `SSID` என்று இருந்தால் புதுப் பாஸ்வேர்ட் வெளியே போயிருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 முதல் போன்களில் வைஃபை விவரத்தில் `Share` தொட்டால் கியூஆர் கோடு வந்துவிடும், சில போன்களில் அதன் கீழேயே பாஸ்வேர்டும் எழுத்தில் தெரியும். ரவுட்டரை விட்டுவிட்டு, வீட்டில் யார் அதை யாரிடம் காட்டினார்கள் என்று கேளுங்கள்.